அம்மாவின் வட்டிச் சான்றிதழ்

அப்பா இருந்தவரை வருமான வரி வேலையெல்லாம் அவருடையதுதான். பச்சை நிற ஃபைல் ஒன்று, அதில் டெபாசிட் ரசீதுகள், வருடத்துக்கு ஒரு உறை, உறையின் மேல் நிதியாண்டு. 2023 மார்ச்சில் அவர் போனபிறகு அந்த ஃபைல் என்னிடம் வந்தது. அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. மாதம் 28,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. அதற்கு மேல் அவருக்கு வரும் பணம் வங்கி வட்டி மட்டும்தான். இவ்வளவு எளிமையான கணக்கில் என்ன சிக்கல் வந்துவிடும் என்றுதான் 2024-25 நிதியாண்டுக்கான கணக்கைக் கையில் எடுத்தேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். பாஸ்புக்கைப் பிரித்து, வட்டி என்று போட்டிருக்கும் இடங்களைக் கூட்டப் பார்த்தேன். அம்மா நான்கு மாதமாகப் பாஸ்புக்கைப் பதியக் கொடுக்கவில்லை. கடைசியாகப் பதிந்தபோது இயந்திரம் இடைப்பட்ட வரவு செலவையெல்லாம் சேர்த்து, மொத்த வரவு இவ்வளவு, மொத்தப் பற்று இவ்வளவு என்று சுருக்கி அடித்திருந்தது. வட்டி வந்த பதிவு அதற்குள் எங்கேயோ புதைந்துவிட்டது. அதனால்தான் வரிக் கணக்குக்கு பாஸ்புக்கை நம்ப முடிவதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை, ஒரு நாள் கூடாமல் குறையாமல், கணக்கு அறிக்கை வேண்டும். மக்கள் வழக்கில் ஸ்டேட்மென்ட்.

ஸ்டேட்மென்டை அம்மாவின் கைபேசியிலிருந்தே எடுக்க முடிந்தது. அதில் எஃப்.டி. வட்டி நான்கு தடவை வந்திருந்தது. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் கடைசித் தேதிகளில் ஒவ்வொரு முறையும் 7,875 ரூபாய். கூட்டினால் 31,500. சேமிப்புக் கணக்குக்கான வட்டி தனியாக, நான்கு தவணையும் சேர்த்து 3,180.

அம்மாவிடம் ஐந்து லட்சத்துக்கு ஒரு டெபாசிட் இருப்பது தெரியும். 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை வாங்கிக்கொள்ளும் வகை. அப்படியானால் வருடத்துக்கு 35,000 வர வேண்டும், தவணைக்கு 8,750. ஸ்டேட்மென்டில் 7,875 இருக்கிறதே, மீதி 875 எங்கே? 8,750-இல் சரியாகப் பத்து சதவீதம் அது. வங்கி வரி பிடித்துக்கொண்டு மீதியைப் போட்டிருக்கிறது.

நிறையப் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். ஸ்டேட்மென்ட் காட்டுவது கைக்கு வந்த பணம். வருமான வரிக் கணக்கில் எழுத வேண்டியது வரி பிடிப்பதற்கு முன்னால் இருந்த முழு வட்டி. 31,500 என்று எழுதியிருந்தால் வருமானத்தை 3,500 குறைத்துக் காட்டியதாகிவிடும். சில வங்கிகளின் ஸ்டேட்மென்டில் முழு வட்டி வரவாகவும், பிடித்த வரி பற்றாகவும் இரண்டு பதிவுகளாக வரும். அப்போது பிரச்சினையில்லை. எங்களுக்கு அப்படி வரவில்லை.

சரி, அப்படியானால் வட்டிச் சான்றிதழ் வாங்குவோம் என்று அதே கைபேசிச் செயலியில் தேடினேன். சேவைகள் பகுதியில் இருந்தது. நிதியாண்டைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு பக்கத்தில் வந்துவிட்டது. டெபாசிட் கணக்கு எண், செலுத்திய வட்டி 35,000, பிடித்த வரி 3,500. சேமிப்புக் கணக்கு வட்டி 3,180. மனதுக்கு நிம்மதியாக இருந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

வருமான வரித் தளத்தில் அம்மாவின் கணக்கைத் திறந்து ஏ.ஐ.எஸ். என்னும் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்க்கும்வரை அந்த நிம்மதி இருந்தது. நம் பான் எண்ணைக் குறிப்பிட்டு வங்கிகளும் மற்றவர்களும் அரசுக்குச் சொன்ன எல்லாமே அந்த அறிக்கையில் இருக்கும். 2021 நவம்பரிலிருந்து இது கிடைக்கிறது. வங்கிகள் கடைசிக் காலாண்டின் வரிப் பிடித்தக் கணக்கையும், வட்டித் தகவலையும் தர மே 31 வரை அவகாசம் உண்டு. அதனால் ஜூன் இரண்டாவது வாரத்துக்கு முன்னால் பார்த்தால் பாதிதான் இருக்கும். நான் ஜூன் மூன்றாவது வாரத்தில் பார்த்தேன்.

டெபாசிட் வட்டி 65,200 என்று இருந்தது. பிடித்த வரி 6,520.

ஆக என் முன்னால் மூன்று தொகைகள். ஸ்டேட்மென்ட் 31,500 என்கிறது. வங்கியே கொடுத்த சான்றிதழ் 35,000 என்கிறது. அதே வங்கி அரசிடம் 65,200 என்று சொல்லியிருக்கிறது. முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டது. அடுத்த 30,200 எங்கிருந்து வந்தது?

ஏ.ஐ.எஸ்.ஸில் ஒரே வட்டி இரண்டு இடத்தில் வருவதுண்டு. வரி பிடித்ததற்காக TDS-194A என்ற தலைப்பில் ஒருமுறை, வட்டித் தகவலாக SFT-016(TD) என்ற தலைப்பில் இன்னொருமுறை. அதை இரண்டு வருமானம் என்று எடுத்துக் கூட்டிவிடக் கூடாது. ஒருவேளை அப்படி ஏதாவது இரட்டிப்பாகியிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. இரண்டு இடத்திலும் அதே 65,200தான் இருந்தது. பிடித்த வரியும் 6,520. அதைப் பத்தால் பெருக்கினால் சரியாக 65,200. பதிவில் பிழை என்றால் இவ்வளவு ஒத்துப்போகாது. வங்கி உண்மையிலேயே அவ்வளவு வட்டிக்கு வரி பிடித்திருக்கிறது. (பான் எண் வங்கியில் பதிவாகியிருந்தால்தான் பத்து சதவீதம். இல்லையென்றால் இருபது சதவீதம் பிடிப்பார்கள். அது நம் அறிக்கையிலும் வந்து சேராது.)

SFT-016(TD) பதிவை விரித்தால் கணக்கு வாரியாகப் பிரித்துக் காட்டும். விரித்தேன். இரண்டு கணக்கு எண்கள். ஒன்று தெரிந்த எண், 35,000. இன்னொன்று நான் பார்த்தே இராத எண், 30,200.

பச்சை ஃபைலை எடுத்தேன். கடைசி உறைக்குப் பின்னால், உறைக்குள் போடாமல், ஒரு ரசீது செருகியிருந்தது. அப்பாவின் எழுத்து அதன்மேல் இல்லை. இருக்கவும் முடியாது, அது அவர் போனபிறகு வந்த ரசீது. அப்பாவின் பெயரில் இருந்த டெபாசிட்டை வாரிசுதாரராக அம்மாவுக்குக் கொடுத்தபோது, அந்தப் பணத்தில் நான்கு லட்சத்தை 2023 ஜூலை முதல் தேதி அம்மா பெயரில் மூன்று வருடத்துக்குப் போட்டிருக்கிறார்கள். 7 சதவீதம், வட்டியை எடுக்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வகை. முதிர்வுத் தொகை 4,92,576 என்று ரசீதில் அச்சாகியிருந்தது. ஏ.ஐ.எஸ்.ஸில் இருந்த இரண்டாவது எண் அந்த ரசீதின் எண்தான்.

அம்மாவிடம் கேட்டேன். "அதுல இருந்து ஒரு பைசாகூட இன்னும் வரலையேப்பா. மூணு வருஷம் கழிச்சு மொத்தமா வரும்னு சொன்னாங்க. வராத பணத்துக்கு எதுக்குக் கணக்கு?" என்றார். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

பணம் கைக்கு வராவிட்டாலும் அந்த டெபாசிட்டில் ஒவ்வொரு காலாண்டும் வட்டி சேர்ந்துகொண்டிருக்கிறது. 2024 மார்ச் முடிவில் அது 4,21,370 ரூபாயாக வளர்ந்திருந்தது. அடுத்த மூன்று மாதத்துக்கு 1.75 சதவீதம், அதாவது 7,374 ரூபாய். அதற்கடுத்த காலாண்டுகளில் 7,490, 7,608, 7,728. நான்கையும் கூட்டினால் 30,200. வங்கி தன் புத்தகத்தில் இதை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய வட்டியாக எழுதிவிடுகிறது. சட்டப்படி, அப்படி எழுதும்போதே வரி பிடித்தாக வேண்டும். வரி பிடிக்கக் கையில் பணம் வரவில்லையே என்றால், டெபாசிட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் காலாண்டின் 7,374-இல் 737 போய் 6,637 மட்டும்தான் அசலோடு சேர்ந்தது.

இதன் இன்னொரு விளைவையும் நான் அப்போதுதான் கவனித்தேன். ரசீதில் அச்சிட்ட 4,92,576 அம்மாவுக்கு வராது. வரியே பிடிக்காமல் போனால் எவ்வளவு வரும் என்ற கணக்கு அது. அந்த ஒரு வருடத்தில் பிடித்த சுமார் 3,020 ரூபாயும், அதன்மேல் சேர்ந்திருக்க வேண்டிய வட்டியும் குறையும். முதிர்வு நாளில் தொகை குறைகிறதே என்று கிளையில் போய்ச் சத்தம்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் இதுதான். வருடாவருடம் வட்டிச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் அன்றைக்குக் கேள்வியே வராது.

சேர்ந்த வட்டியைக் கைக்கு வரும் வருடத்தில் மொத்தமாகக் காட்டக் கூடாதா என்றால், காட்டலாம். வியாபாரம் இல்லாத ஒருவர், பணம் வந்தபோது கணக்கு எழுதும் முறையைத் தொடர்ந்து பின்பற்றினால் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் அப்போது, வருடாவருடம் பிடித்த வரியையும் அந்த வருமானத்தைக் காட்டும் வருடத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். வரியை இந்த வருடமே திரும்பக் கேட்டுவிட்டு, வட்டியை 2026-இல் காட்டுகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதோடு, பழைய வரி முறையில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வங்கி வட்டியில் ஐம்பதாயிரம் வரை 80TTB பிரிவில் கழிவு உண்டு. அது வருடத்துக்கு வருடம் தனித்தனி. மூன்று வருட வட்டியைக் கடைசி வருடத்தில் குவித்தால் ஒரே ஒரு ஐம்பதாயிரம்தான் கழியும். அம்மா போன்றவர்களுக்கு அந்தந்த வருடத்து வட்டியை அந்தந்த வருடமே காட்டுவதுதான் நல்லது என்பது என் தீர்மானம். ஏ.ஐ.எஸ்.ஸோடும் ஒத்துப்போகும், யாருக்கும் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

இதெல்லாம் புரிந்தபிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. வங்கி கொடுத்த சான்றிதழில் ஏன் இந்த டெபாசிட் வரவில்லை? அதற்குக் கிளைக்கே போக வேண்டியிருந்தது.

அம்மாவும் நானும் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். மாதத்தின் முதல் வாரத்திலும் திங்கட்கிழமையிலும் போகாதீர்கள். ஓய்வூதியம் வாங்க வருபவர்களின் கூட்டத்தில் இந்த வேலைக்கு யாருக்கும் நேரம் இருக்காது. டெபாசிட் பகுதியில் இருந்த அலுவலர் சின்ன வயதுப் பெண். அம்மாவைப் பார்த்ததும், "வாங்க டீச்சரம்மா, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவிடம் படித்த பெண்ணின் மகளாம்.

நான் செயலியில் எடுத்த சான்றிதழைக் காட்டி, ஒரு டெபாசிட் விட்டுப்போயிருக்கிறது என்றேன். அவர் கணினியில் பார்த்துவிட்டு, "இல்லையே சார், அம்மா பேர்ல ஒரு எஃப்.டி.தான் இருக்கு" என்றார். கையோடு எடுத்துப்போன ரசீதை நீட்டினேன். எண்ணைத் தட்டினார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"இது வேற கஸ்டமர் ஐ.டி.யில இருக்கு சார்."

விஷயம் இவ்வளவுதான். வங்கியின் கணினி மனிதர்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு எண் உண்டு, சில வங்கிகளில் அதை சிஐஎஃப் எண் என்பார்கள். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் எல்லாம் அந்த ஒரே எண்ணின் கீழ் வர வேண்டும். அப்பாவின் டெபாசிட்டை மாற்றிப் போட்ட அன்று, அம்மாவுக்கு ஏற்கெனவே ஓய்வூதியக் கணக்கில் எண் இருப்பதைத் தேடாமல், புதிதாக ஒன்றை உருவாக்கிவிட்டிருக்கிறார்கள். பழையதில் அம்மாவின் இனிஷியல் முன்னால், புதியதில் பின்னால். தேடியிருந்தாலும் ஒருவேளை கிடைத்திருக்காது. கைபேசிச் செயலி பழைய எண்ணோடு மட்டும் இணைந்தது, அதனால் அதற்குத் தெரிந்ததைத்தான் சான்றிதழாகக் கொடுத்தது. ஆனால் இரண்டு எண்ணிலும் பான் ஒன்றுதான். வரி பிடிக்கும்போது பானைப் பார்த்து இரண்டையும் கூட்டிக்கொண்டார்கள்.

அந்த வருடம் மூத்த குடிமக்களுக்கு, ஒரு வங்கியில் வரும் டெபாசிட் வட்டி ஐம்பதாயிரத்தைத் தாண்டினால்தான் வரி பிடிப்பு. 35,000 தனியாகத் தாண்டாது, 30,200-ம் தாண்டாது. இரண்டும் சேர்ந்ததால்தான் தாண்டியது. நான் இதைக் கொஞ்சம் யோசித்திருந்தால் முதல் நாளே பிடித்திருக்கலாம். 35,000 வட்டிக்கு 3,500 வரி பிடித்ததாகச் சான்றிதழ் சொன்னபோதே, வரம்புக்குக் கீழே இருக்கும் வட்டிக்கு ஏன் வரி பிடித்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வரம்புக்குள் இருக்கும் வட்டிக்கு வரி பிடித்திருந்தால், வேறு ஒரு டெபாசிட் எங்கோ கண்ணில் படாமல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலர் இரண்டாவது எண்ணுக்குச் சான்றிதழ் அச்சிட்டார். அதில் வட்டி என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னதெல்லாம் தவறோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அலுவலரே புரிந்துகொண்டு, "இது செலுத்திய வட்டி மட்டும் காட்டுற அறிக்கை, சேர்ந்த வட்டியோட வேற ஒண்ணு இருக்கு" என்று சொல்லித் திரும்ப அச்சிட்டார். அதில் இரண்டு பத்திகள். செலுத்திய வட்டி பூஜ்யம். சேர்ந்த வட்டி 30,200. பிடித்த வரி 3,020. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதுதான் கணக்கு முழுமையாகச் சேர்ந்தது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு வங்கியில் வாயால் "வட்டி சர்டிஃபிகேட் வேணும்" என்று மட்டும் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் எதிரே இருப்பவர் எந்த அறிக்கையைத் தட்டுகிறாரோ அதுதான் வரும். அன்றே அங்கே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டோம். அம்மாதான் எழுதினார், அவர் கையெழுத்தில்:

"ஐயா, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்காக, 01-04-2024 முதல் 31-03-2025 வரையிலான வட்டிச் சான்றிதழ் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பான் எண்ணின் கீழ் தங்கள் வங்கியின் எல்லாக் கிளைகளிலும், எல்லா வாடிக்கையாளர் எண்களிலும் உள்ள சேமிப்பு, வைப்பு, தொடர் வைப்புக் கணக்குகள் அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். செலுத்திய வட்டி, சேர்ந்த வட்டி, பிடித்த வரி ஆகியவை கணக்கு வாரியாகத் தனித்தனியே இருக்க வேண்டும். அதே காலத்துக்கான என் சேமிப்புக் கணக்கின் அறிக்கையும், வரிப் பிடித்தத்துக்கான படிவம் 16ஏ-வும் தேவை. என் பெயரில் இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருப்பதால் அவற்றை ஒன்றாக இணைத்துத் தரவும் வேண்டுகிறேன். பான், ஆதார் நகல்கள் இணைத்துள்ளேன்."

நிதியாண்டைத் தேதியாக எழுதுவது முக்கியம். "2025 வருஷத்துக்கு" என்று சொன்னால் ஒருவர் காலண்டர் வருடத்தை எடுப்பார், இன்னொருவர் நிதியாண்டுக்கு அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டை எடுப்பார். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் 2025-26 என்று கேட்டு, பாதி வருடம்கூட ஆகாத அறிக்கையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னது மதிப்பீட்டு ஆண்டு. கணினி எடுத்துக்கொண்டது நிதியாண்டு. தேதியை எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

படிவம் 16ஏ பற்றி ஒரு வார்த்தை. பிடித்த வரியை அரசிடம் கட்டிவிட்டோம் என்பதற்கு வங்கி தரும் சான்று அது. காலாண்டுக்கு ஒன்றாக வரும், கடைசிக் காலாண்டுக்கானது ஜூன் பாதிக்குமேல் கிடைக்கும். வட்டிச் சான்றிதழில் வரி பிடித்ததாக இருந்து, நம் பானில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது வரவில்லையென்றால், வங்கி பிடித்த பணத்தைக் கட்டவில்லை, அல்லது வேறு பானில் கட்டிவிட்டது. அப்போது வங்கிதான் தன் வரிப் பிடித்தக் கணக்கைத் திருத்த வேண்டும். நம் தரப்பில் செய்ய எதுவுமில்லை, கேட்டுக்கொண்டே இருப்பதைத் தவிர. கேட்டதற்கு எழுத்தில் சான்று இருந்தால், முப்பது நாளில் பதில் இல்லாதபோது cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தேதி முத்திரை வாங்கியது அதற்காகத்தான். எங்களுக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்கைப் போட்டோம். ஓய்வூதியம் 3,36,000. பழைய முறையில் நிலையான கழிவு 50,000 போக 2,86,000. டெபாசிட் வட்டி 65,200, சேமிப்பு வட்டி 3,180, ஆக 68,380. அதில் 80TTB-இல் 50,000 கழித்தால் மொத்த வருமானம் 3,04,380. மூத்த குடிமக்களுக்கு மூன்று லட்சம் வரை வரி இல்லை, மேலே உள்ளதற்கான சிறு வரியும் தள்ளுபடியில் போய்விடும். புதிய முறையில் 80TTB கிடையாது, ஆனால் அதிலும் தள்ளுபடியால் அம்மாவுக்கு வரி வராது. எப்படிப் பார்த்தாலும் பிடித்த 6,520-ம் அம்மாவுக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

முதல் சான்றிதழை நம்பி 35,000 என்று எழுதி, 6,520 வரியைத் திரும்பக் கேட்டிருந்தால், வருமானமும் வரிப் பிடித்தமும் ஒத்துப்போகவில்லை என்று துறையிலிருந்து கேள்வி வந்திருக்கும். 3,500 மட்டும் கேட்டிருந்தால் 3,020 ரூபாய் அம்மாவுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அது சின்னத் தொகை இல்லை. அந்த வருடம் தாக்கலுக்கான கடைசி நாள் ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனதால் எங்களுக்கு அவசரமும் இல்லை. ஆகஸ்டில் தாக்கல் செய்து, அன்றே ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்தோம். பணம் அம்மாவின் சேமிப்புக் கணக்குக்கு வந்தது.

உண்மையில் இந்த வரியைப் பிடிக்கவே விடாமல் செய்திருக்கலாம். அப்போதைய விதிப்படி, மொத்த வருமானத்துக்கு வரி வராத மூத்த குடிமக்கள் வருடத் தொடக்கத்தில் படிவம் 15ஹெச் கொடுத்தால் வங்கி வரி பிடிக்காது. 2023-இல் புது டெபாசிட் போட்ட அன்று கிளையிலேயே அதில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அது அந்த ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான் செல்லும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா ஒவ்வொரு ஏப்ரலிலும் கிளைக்குப் போய்வந்தது இதற்காகத்தான் என்பது எனக்கும் இப்போதுதான் தெரிகிறது. இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருந்தால் படிவத்தை இரண்டுக்கும் கொடுத்தாக வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் மற்றதில் பிடித்துவிடுவார்கள்.

2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கான வரம்பு ஒரு லட்சமாக உயர்ந்துவிட்டது, மற்றவர்களுக்கு ஐம்பதாயிரம். ஆகவே அடுத்த நிதியாண்டில் அம்மாவின் வட்டிக்கு வரியே பிடிக்க மாட்டார்கள். அப்படியென்றால் சான்றிதழ் எதற்கு என்று அம்மா கேட்டார். பிடித்தம் இல்லாவிட்டாலும் வட்டி வருமானம்தான். SFT-016(TD) பதிவில் அது தவறாமல் வந்து நிற்கும். சொல்லப்போனால் இனிமேல்தான் கவனம் அதிகம் தேவை. சென்ற முறை 875 ரூபாய் குறைந்ததால்தான் நான் கேள்வி கேட்கவே ஆரம்பித்தேன். இனி ஸ்டேட்மென்டில் எதுவும் குறையாது, சேர்ந்த வட்டி மட்டும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

வாடிக்கையாளர் எண்களை இணைக்க மூன்று வாரம் ஆனது. இணைத்தபிறகு செயலியில் திரும்பச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தேன். இரண்டு டெபாசிட்டும் ஒரே தாளில், சேர்ந்த வட்டிக்குத் தனிப் பத்தியோடு வந்தன. அம்மா அதை வாங்கி, பச்சை ஃபைலில் புது உறை ஒன்று போட்டு, மேலே 2024-25 என்று எழுதி, அதற்குக் கீழே வாடிக்கையாளர் எண்ணையும் எழுதி வைத்தார்.